கப்பல் போனதை இரண்டு பேருக்கு எழுதுவது

"மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் டாக்குமென்டேஷன் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் பார்ட்டிகளில் பாதிப் பேர் கரூர், ஆம்பூர் பக்கம். தமிழிலேயே மெயில் போடச் சொல்கிறார்கள். அவர்களுக்கு எழுதினால் கலெக்டர் ஆபீஸ் மனு மாதிரி வருகிறது. டீமில் இருக்கிறவர்களுக்கு எழுதினால் வாட்ஸ்அப் மாதிரி இருக்கிறது என்று மேனேஜர் திட்டுகிறார். யாருக்கு எவ்வளவு ஃபார்மலாக எழுதுவது, எப்படி முடிவு செய்வது?"

தம்புச் செட்டித் தெருவில் எனக்கு இதே வேலையில் 22 வருடம் ஆகிறது. வீடு ராயபுரம், கல்மண்டபம் பக்கம். அதையும் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. "வந்துகினு", "போய்கினு" என்று பேசி வளர்ந்தவர்கள் ஆபீஸில் முதல் மெயில் எழுத உட்காரும்போது ஒரு பயம் வந்துவிடும். நம் பேச்சு எழுத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அது. அந்தப் பயத்தில்தான் நானும் முதல் இரண்டு வருடம் "தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். மனுத் தமிழில் ஊர் தெரியாது. ஆனால் விஷயமும் தெரியாது. உங்கள் மெயில் மனு மாதிரி வருவதற்கும் காரணம் அதுவாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

நான் இப்போது ஆளின் பெரிய இடம், சின்ன இடம் பார்த்து முடிவு செய்வதில்லை. இரண்டு விஷயம்தான் பார்க்கிறேன். படிக்கப்போகிறவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும்? அவர் படித்த பிறகு அந்த மெயில் யார் கைக்குப் போகும்? கரூரில் இருக்கிற பார்ட்டி உங்கள் மெயிலை போனில் படிப்பார், அப்படியே அவருடைய மெர்ச்சண்டைசருக்கு அனுப்புவார். பிரச்சினை என்றால் அது பையரின் ஏஜென்ட் வரை போகும், பாங்க் மேனேஜர் மேஜைக்கும் போகும். அவர்களில் ஒருவருக்கும் உங்களைத் தெரியாது, நேற்று போனில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்றும் தெரியாது. அதனால் அந்த மெயில் யார் துணையும் இல்லாமல் தனியாக நிற்க வேண்டும். டீம் மெயில் பக்கத்து மேஜைக்குப் போகிறது. அவருக்குப் பாதிக் கதை தெரியும், அந்தப் பாதியை விட்டுவிடலாம். ஃபார்மல் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். மதிப்பிற்குரிய, தங்கள், மேலான எல்லாம் அதன் மேல் போடுகிற சட்டை. உள்ளே ஆள் இல்லாமல் சட்டை மட்டும் போனால்தான் மனு மாதிரி ஆகிறது.

சில மாதங்களுக்கு முன்னால் எங்கள் ஆபீஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தேதிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன். கரூரிலிருந்து பெட்ஷீட், ஒரு 40 அடி கண்டெய்னர். கப்பல் 19-ம் தேதி வெள்ளிக்கிழமை இரவு. அதற்கான கட் ஆஃப் முந்தின நாள் வியாழன் மாலை 6 மணி. டிரெய்லர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையில் நின்று, ஒருவழியாக 4 மணிக்குத் துறைமுகத்துக்குள் போய்விட்டது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். ஆனால் வி.ஜி.எம். போகவில்லை. சரக்கேற்றிய கண்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்துக் கொடுக்கிற கணக்கு அது. கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் விதிப்படி 2016 ஜூலை 1-லிருந்து அது இல்லாமல் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது. நான் அனுப்பியிருப்பேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அனுப்பியாயிற்று என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் லைனை, அதாவது கப்பல் கம்பெனியைக் கேட்டால், லோடிங் லிஸ்டில் எங்கள் கண்டெய்னர் இல்லை.

அப்போது உங்களைப் போலப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி, பார்ட்டிக்கு ஒரு மெயில் எழுதிக்கொண்டு வந்தார். "மதிப்பிற்குரிய ஐயா, தங்களது மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில், தவிர்க்க இயலாத காரணங்களால் தங்களது கொள்கலன் குறிப்பிட்ட கப்பலில் ஏற்றப்பட இயலாத சூழ்நிலை ஏற்பட்டுள்ளது. ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துவதுடன், தங்களது மேலான ஒத்துழைப்பினை நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் படித்து முடித்த பார்ட்டிக்கு என்ன தெரியும்? சரக்கு எங்கே இருக்கிறது, அடுத்த கப்பல் எப்போது, பணத்துக்குப் பாங்க் உறுதி கொடுக்கிற எல்.சி.யில் இருக்கிற தேதிக்குள் வருமா, ஒன்றுமே தெரியாது. இரண்டாவது நிமிடம் போன் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் "தவிர்க்க இயலாத" என்ற சொல். அது பொய். எளிதாகத் தவிர்த்திருக்கலாம். சூழ்நிலை தானாக ஏற்படவும் இல்லை, நாங்கள்தான் விட்டுவிட்டோம். லைனில் அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்து உண்மையைச் சொல்லிவிட்டால், அப்புறம் எங்கள் மெயில் எதையும் அவர் நம்ப மாட்டார்.

கடைசியில் போன மெயில் இது. சப்ஜெக்டில் "கரூர் பெட்ஷீட், 40 அடி கண்டெய்னர், இன்றைய கப்பலில் ஏறாது, அடுத்த கப்பல் 26" என்று போட்டு, அதோடு கண்டெய்னர் நம்பரும் ஷிப்பிங் பில் நம்பரும் சேர்த்தோம். உள்ளே:

"வணக்கம் சார். உங்கள் கண்டெய்னர் இன்று இரவு புறப்படும் கப்பலில் ஏறாது. சரக்கு துறைமுகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. நேற்று மாலை 4 மணிக்கே உள்ளே போய்விட்டது. ஆனால் வி.ஜி.எம். கணக்கை 6 மணிக்குள் லைனுக்கு நாங்கள் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. இது எங்கள் தவறு, வருந்துகிறோம். இன்று காலை 10:40-க்கு அனுப்பிவிட்டோம். அதே லைனின் அடுத்த கப்பல் 26-ம் தேதி வெள்ளிக்கிழமை. அதில் இடம் கேட்டிருக்கிறோம், லைன் உறுதி செய்ததும் எழுதுகிறோம். உங்கள் எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதி 28. 26-ல் ஏறினால் அதற்குள் வரும், ஆனால் இரண்டு நாள்தான் மிச்சம். பையரிடம் தேதி நீட்டிப்புக் கேட்டு வைப்பதா என்று நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள். கூடுதல் நாட்களுக்கு எவ்வளவு கட்டணம் வரும் என்று லைனிடம் கேட்கிறோம். திங்கட்கிழமை மதியம் 12 மணிக்குள் எழுதுகிறோம்."

இதில் "தங்கள்" இல்லை, "மேலான" இல்லை. ஆனாலும் இது ஃபார்மல் மெயில்தான். எல்லா வாக்கியமும் எழுத்து இலக்கணத்தில் முழுதாக முடிகிறது. யார் செய்தார், எப்போது என்று தெரிகிறது. பாங்க் மேனேஜர் தனியாகப் படித்தாலும் புரியும். எல்.சி. பற்றிய வரியைப் பாருங்கள். சரக்கு ஏறியதற்கு லைன் தருகிற பில் ஆஃப் லேடிங்கில் இருக்கிற ஏற்றிய தேதி எல்.சி.யின் கடைசித் தேதியைத் தாண்டினால் பாங்க் அதை டிஸ்கிரிபன்சி என்று சொல்லும், பணம் தடைப்படலாம். பார்ட்டிக்கு முதலில் வருகிற பயம் அதுதான். அவர் கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அதே வெள்ளிக்கிழமை காலையில் டீமுக்கும் எழுத வேண்டியிருந்தது. அந்தத் தம்பி எழுதியது: "கரூர் மேட்டர் ஊத்திக்கிச்சு. விஜிஎம் யாரு போடலன்னு பாருங்க. லைன்ல பேசுங்க சீக்கிரம்." உங்கள் மேனேஜர் திட்டுவது பேச்சுத் தமிழுக்காக இருக்காது என்று நினைக்கிறேன். அந்த வாரம் கரூரிலிருந்து மட்டும் எங்களுக்கு மூன்று கண்டெய்னர். எது? "பேசுங்க" என்று நான்கு பேருக்குப் போனால் யார் பேசுவார்கள்? ஒருவரும் பேச மாட்டார்கள், அல்லது நான்கு பேரும் பேசி லைன்காரரை எரிச்சலாக்குவார்கள். டீம் மெயிலில் விட்டுவிடக்கூடியது பின்கதையைத்தான். நம்பரையும், நேரத்தையும், யார் வேலை என்பதையும் விடக் கூடாது.

நான் எழுதியதைத் தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டு, நாங்கள் கூப்பிடுகிற முறையை மட்டும் வைத்திருக்கிறேன். "அண்ணா, அக்கா, கரூர் பெட்ஷீட் 40 அடி இன்னைக்கு நைட் கப்பல்ல ஏறல. வி.ஜி.எம். நாம அனுப்பல. லிஸ்ட்ல என் பேர்தான் இருந்துச்சு, அனுப்பியாச்சுன்னு நினைச்சுட்டேன். இப்ப அனுப்பிட்டேன், 10:40. அண்ணா, 26 கப்பலுக்கு ரோல் ஓவர் கன்ஃபர்மேஷன் இன்னைக்கு 3 மணிக்குள்ள வாங்கிடுங்க. அக்கா, கூடுதலா எவ்வளவு வரும்னு லைன்ல கேட்டு திங்கள் 11 மணிக்குள்ள எனக்குச் சொல்லுங்க. பார்ட்டிக்கு நான் எழுதறேன். அந்தப் பணத்தை யார் ஏத்துக்கிறதுன்னு முதலாளி இன்னும் சொல்லல. அதனால போன் வந்தா பணம் பத்தி எதுவும் பேசாம எனக்குத் தள்ளுங்க." இது முழுக்கப் பேச்சுநடை. இருந்தும் ஒருவரும் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை.

இரண்டு மெயிலிலும் ஒரு சின்னச் சொல் மாறியிருப்பதைக் கவனித்தீர்களா? பார்ட்டிக்கு "நாங்கள் அனுப்பவில்லை", டீமுக்கு "நாம அனுப்பல". தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான இடம் இல்லை என்பது என் எண்ணம். "நாம்" என்றால் கேட்கிறவரும் உள்ளே. பார்ட்டிக்கு "நாம் வி.ஜி.எம். அனுப்பத் தவறிவிட்டோம்" என்று எழுதினால், நம் தவறில் அவருக்கும் பங்கு கொடுத்த மாதிரி ஆகிவிடும். எழுதியவருக்கு அந்த எண்ணமே இருக்காது, ஆனால் படிக்கிறவருக்குச் சுருக்கென்று இருக்கும். டீமுக்கு "நாங்கள் அனுப்பவில்லை" என்று எழுதினால் தலைகீழ்: படிக்கிறவரை வெளியே நிறுத்திவிடுகிறோம். பார்ட்டிக்கு எழுதும்போதும் "நாம்" சரியாக வருகிற இடம் உண்டு. "வியாழக்கிழமை நாம் பேசியபடி" என்று எழுதலாம், ஏனென்றால் அங்கே உண்மையிலேயே இரண்டு பேரும் இருந்தார்கள்.

அடுத்தது வினைச்சொல்லின் வால். நம் ஆபீஸ்களில் எல்லா மெயிலும் "அனுப்பவும்", "உறுதி செய்யவும்" என்றுதான் முடிகிறது. எழுத்துத் தமிழாக இருப்பதால் அதை மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். அது "செருப்பை வெளியே விடவும்" என்று சுவரில் எழுதியிருக்கிற வடிவம். ஃபாரத்தில் போடலாம், செக்லிஸ்டில் போடலாம். பணம் கொடுக்கிற பார்ட்டிக்கு "இன்வாய்ஸ் உடனே அனுப்பவும்" என்று போனால் போர்டைப் பார்த்த மாதிரிதான் இருக்கும். அதற்காக "அனுப்புமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" வரை போகவும் தேவையில்லை. நான் காரணத்தை முன்னால் வைக்கிறேன்: "நாளை மதியத்துக்குள் இன்வாய்ஸ் அனுப்பினால் சாயங்காலமே ஷிப்பிங் பில் போட்டுவிடலாம்." இதில் கட்டளையே இல்லை, ஆனால் வேலை நடக்கிறது. "கேட்டுக்கொள்கிறோம்" என்பதை நான் வைத்திருப்பது இரண்டு இடத்துக்கு: பாக்கித் தொகை கேட்கும் இரண்டாவது நினைவூட்டல், எழுத்தில் பதிவாக வேண்டிய மறுப்பு.

"அனுப்பிவிடுகிறோம்", "முடிந்துவிடும்" போன்ற "விடு" சேர்ந்த சொற்களையும் பார்ட்டி மெயிலில் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். காதுக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் நேரம் சொல்லாமலே உறுதி கொடுத்த மாதிரி ஒலிக்கும். பக்கத்தில் நாளோ மணியோ இருந்தால் சரி. டீமில் "வாங்கிடுங்க" என்பது வெறும் நெருக்கம், அங்கே தொல்லை இல்லை.

இந்த இரண்டு நடையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. அதில் நான் அடிபட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீஸில், டீமுக்குள் ஏழெட்டு மெயில் போய் வந்த ஒரு டிரெயிலை, மேலே இரண்டு வரி ஃபார்மலாக எழுதி அப்படியே பார்ட்டிக்கு ஃபார்வர்ட் செய்தேன். கீழே நான்காவது மெயிலில் "இந்தப் பார்ட்டி எப்பவும் கடைசி நேரத்துலதான் பேப்பர் தருவார்" என்று என் சீனியர் எழுதியிருந்தார். பார்ட்டி கீழே வரை படித்தார். என் சீனியரை நேரில் கூப்பிட்டு, அந்த வரியைக் காட்டி, "அப்படியா?" என்று கேட்டிருக்கிறார். சீனியர் என்னிடம் கோபப்படவில்லை, இரண்டு நாள் பேசவில்லை. அன்றிலிருந்து பார்ட்டிக்கு எப்போதும் புது மெயில்தான் எழுதுகிறேன், டிரெயிலில் தொடர்வதில்லை. டீம் மெயிலில் எவ்வளவு பேச்சுத்தமிழும் வரலாம், ஆனால் பார்ட்டியின் குணத்தைப் பற்றி ஒரு வரியும் வரக் கூடாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எழுந்து போய் அவர் மேஜையில் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனி சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். "ஐயா"வா "சார்"ஆ என்பதில் விதி ஒன்றும் கிடையாது. எனக்கு "வணக்கம் சார்" கரூருக்கும் ஆம்பூருக்கும் சரியாகவே போயிருக்கிறது. வயதான முதலாளிகள் சிலர் தாங்களே "ஐயா" என்று எழுதுவார்கள், அவர்களுக்கு அதையே திருப்பி எழுதுகிறேன். "தங்கள்" என்பதை அவர் எழுதினால் நானும் எழுதுவேன், முதலில் நானாகத் தொடங்க மாட்டேன். பார்ட்டி "தம்பி" என்று எழுத ஆரம்பித்தால் நீங்கள் "அண்ணா" என்று எழுதலாமா? போனில் தாராளமாக. மெயிலில், சாதாரண நாளில் சரி. ஆனால் பணம், தாமதம், தவறு இந்த மூன்றில் ஒன்று வந்தால் நான் மறுபடி "சார்"க்குப் போய்விடுகிறேன், ஏனென்றால் அந்த மெயில்தான் மூன்றாம் ஆளிடம் போகும். இதைத் தேவையில்லாத விறைப்பு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் தொழிலும் நன்றாகத்தான் நடக்கிறது. வேறு தொழிலில் இது வேறு மாதிரி இருக்கலாம், நான் பார்த்தது கப்பல் சரக்கு ஒன்றைத்தான்.

டீமுக்குள் ஒரு எச்சரிக்கை மட்டும். தினமும் "அண்ணா, பாத்துடுங்க" என்று எழுதுகிறவர் ஒருநாள் திடீரென்று "தங்கள் கவனத்திற்கு" என்று எழுதி மேனேஜருக்கு சிசி போட்டால், அது சண்டைக்கு ஆதாரம் சேர்க்கிற மாதிரி இருக்கும். உண்மையிலேயே பதிவு வேண்டுமென்றால் நடையை மாற்றாதீர்கள். அதே நடையில், "அண்ணா, இது ரெக்கார்டுக்கு வேணும்னு மேனேஜர் கேட்டார், அதான் அவரையும் சேர்த்திருக்கேன்" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

அந்தக் கரூர் கண்டெய்னருக்கு அன்று மாலையே 26 கப்பலில் இடம் உறுதியானது, உடனே எழுதினோம். திங்கட்கிழமை 12 மணிக்குள் கட்டணக் கணக்கு தருகிறோம் என்று சொல்லியிருந்தோம் அல்லவா, 11:50 வரை லைனிலிருந்து வரவில்லை. "வணக்கம் சார். கட்டணக் கணக்கு லைனிலிருந்து இன்னும் வரவில்லை. மறுபடி கேட்டிருக்கிறோம். மாலை 4 மணிக்கு, வந்தாலும் வராவிட்டாலும் எழுதுகிறோம்" என்று அனுப்பினோம். நாலு மணிக்குக் கணக்கு போனது, அந்தத் தொகையை எங்கள் ஆபீஸே ஏற்றுக்கொள்கிறது என்ற வரியோடு. பார்ட்டியிடமிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது: "சரிங்க."